ஸ்கூல் ஃபுட்பால் லீக்: புள்ளிப் பட்டியலைக் கையாலேயே போடுவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு ஹவுஸ், ஒருத்தரோடு ஒருத்தர் ஒரு தடவை. மொத்தம் எத்தனை மேட்ச், பட்டியலில் என்னென்ன கட்டம் போடணும்?

ஆறு மேட்ச். நாலு அணியும் தலா மூன்று ஆட்டம் ஆடும், நாலு மூணு பன்னிரண்டு, ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு அணி இருப்பதால் அதில் பாதி. ஐந்து அணி என்றால் பத்து, ஆறு அணி என்றால் பதினைந்து. இந்த எண்ணை சார்ட்டின் மூலையில் முதலிலேயே எழுதி வையுங்கள், பின்னால் சரிபார்க்க இதுதான் கை கொடுக்கும்.

கட்டங்கள்: ஆடியது, வெற்றி, டிரா, தோல்வி, அடித்த கோல், வாங்கிய கோல், வித்தியாசம், புள்ளி. சிலர் இடம் போதவில்லை என்று அடித்ததையும் வாங்கியதையும் விட்டுவிட்டு வித்தியாசத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வித்தியாசமும் சமமானால் அடுத்து பார்ப்பது அடித்த கோலைத்தான், அப்போது பழைய சீட்டுகளைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம், பட்டியல் வேறு, முடிவுகளின் நோட்டு வேறு. நோட்டில் ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோரும் தேதியோடு இருக்க வேண்டும். பட்டியல் கிழிந்து போனாலும் நோட்டை வைத்து அரை மணியில் மறுபடி போட்டுவிடலாம், நோட்டு தொலைந்தால் பட்டியலை வைத்து ஒரு ஸ்கோரைக்கூடத் திரும்ப எடுக்க முடியாது.

ஒரு மேட்ச் முடிந்ததும் எதை முதலில் எழுதுவது?

எந்த வரிசையில் எழுதினாலும் சரி, ஆனால் ஒரு ஆட்டத்துக்கு எப்போதும் இரண்டு வரிகளைத் தொட வேண்டும். சிவப்பு 2, நீலம் 1 என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு வரியில் ஆடியது ஒன்று, வெற்றி ஒன்று, அடித்தது 2, வாங்கியது 1, புள்ளி 3. உடனே, பேனாவைக் கீழே வைக்காமல், நீலத்தின் வரி: ஆடியது ஒன்று, தோல்வி ஒன்று, அடித்தது 1, வாங்கியது 2, புள்ளி 0. ஜெயித்த அணியின் வரியை எழுதி முடித்ததும் யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள், தோற்ற அணியின் வரி அப்படியே நின்றுவிடும். கையால் போடும் பட்டியல்களில் வரும் தப்புகளில் பாதி இந்த வகைதான்.

டிரா என்றால் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு புள்ளி. 0–0 ஆனாலும் 4–4 ஆனாலும் அதே ஒன்றுதான். வித்தியாசமும் அசையாது.

கோல் வித்தியாசத்தில் மைனஸ் வந்தால் குழம்புகிறது. சுலபமான வழி இருக்கிறதா?

அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழிப்பது, அவ்வளவுதான். அடித்தது 5, வாங்கியது 3 என்றால் +2. அடித்தது 3, வாங்கியது 5 என்றால் −2. எப்போதும் அடித்ததுதான் முதலில். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்து எழுதிவிட்டு குறியை மறந்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அப்புறம் கடைசியில் இருக்க வேண்டிய அணி நடுவில் போய் உட்கார்ந்திருக்கும். அதனால் பிளஸ்ஸையும் விடாமல் எழுதுங்கள். குறியே இல்லாத எண் தெரிந்தால் அதைப் போட்டவர் யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டிக்கொண்டே போவதானால் கடன் கணக்குப் போல நினைத்துக்கொள்ளலாம். −1-ல் இருக்கும் அணி மூன்று கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் ஒரு கடனை அடைத்து மீதி இரண்டு, அதாவது +2. −1-ல் இருக்கும் அணி நாலு கோல் வித்தியாசத்தில் தோற்றால் கடன் ஐந்தாகிறது, −5. இப்படிக் கூட்டி வந்த எண்ணும், கடைசியில் அடித்தது கழித்தல் வாங்கியது என்று போட்டால் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

முழுசா ஒரு லீக் போட்டுக் காட்டுங்களேன்.

சரி. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நாலு ஹவுஸ், மூன்று நாள், நாளுக்கு இரண்டு ஆட்டம்.

முதல் நாள்: சிவப்பு 2–1 நீலம், பச்சை 2–2 மஞ்சள்.
இரண்டாம் நாள்: நீலம் 3–1 பச்சை, சிவப்பு 1–0 மஞ்சள்.
மூன்றாம் நாள்: பச்சை 2–0 சிவப்பு, நீலம் 4–0 மஞ்சள்.

இரண்டாம் நாள் முடிவில் சிவப்பு ஆறு புள்ளியோடு தனியாக மேலே இருக்கிறது, நீலம் மூன்று, மற்ற இரண்டும் ஒவ்வொன்று. மூன்றாம் நாளில் எல்லாம் புரண்டுவிடுகிறது. கடைசிப் பட்டியல் இது:

| அணி | ஆடியது | வெற்றி | டிரா | தோல்வி | அடித்தது | வாங்கியது | வித்தியாசம் | புள்ளி |
|---|---|---|---|---|---|---|---|---|
| நீலம் | 3 | 2 | 0 | 1 | 8 | 3 | +5 | 6 |
| சிவப்பு | 3 | 2 | 0 | 1 | 3 | 3 | 0 | 6 |
| பச்சை | 3 | 1 | 1 | 1 | 5 | 5 | 0 | 4 |
| மஞ்சள் | 3 | 0 | 1 | 2 | 2 | 7 | −5 | 1 |

வரிசைப்படுத்தும்போது முதலில் புள்ளியை மட்டும் பாருங்கள். சமமாக இருக்கும் இடத்தில்தான் வித்தியாசத்துக்குப் போக வேண்டும். பச்சை சிவப்பைவிட அதிக கோல் அடித்திருக்கிறதே, அதை மேலே ஏற்றலாமே என்று ஒரு பையன் கேட்பான். முடியாது, நாலு புள்ளி ஆறு புள்ளிக்குக் கீழேதான், அங்கே கோலுக்கு வேலையே இல்லை.

சிவப்பு நீலத்தை நேருக்கு நேர் ஜெயித்திருக்கிறதே, அப்புறம் எப்படி நீலம் முதலிடம்?

சண்டை வருவது இங்கேதான். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் உலகத்திலேயே இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் புள்ளி சமமானால் மொத்த கோல் வித்தியாசம், அதுவும் சமமானால் அடித்த கோல். ஸ்பெயினின் லா லிகாவில் புள்ளி சமமானால் அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவுதான் முதலில். முதல் வழியில் நம் கோப்பை நீலத்துக்கு, இரண்டாவது வழியில் அதே ஆறு ஆட்டங்களை வைத்தே சிவப்புக்கு.

எது சரி என்று கேட்டால், ஒரே ஒரு சுற்று ஆடும் பள்ளி லீக்குக்கு நான் கோல் வித்தியாசத்தைத்தான் சொல்வேன். லா லிகாவில் இரண்டு அணிகளும் இரண்டு முறை மோதுகின்றன, சொந்த மைதானம் ஒன்று, எதிரணி மைதானம் ஒன்று. நம்மிடம் ஒரே ஆட்டம், அதுவும் அரை மணி நேர ஆட்டம், அன்றைக்கு கோல்கீப்பருக்குக் காய்ச்சல் என்றால் முடிந்தது. மூன்று ஆட்டமும் சேர்ந்து பேசுவது கொஞ்சம் நம்பகமானது. ஆனால் இது என் கருத்து. எந்த விதியாக இருந்தாலும் முதல் ஆட்டத்துக்கு முன்னால் சார்ட்டின் அடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள், மூன்றாம் நாள் சாயங்காலம் முடிவு செய்யும் விதியை தோற்றவர்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள்.

மூன்று அணி ஒரே புள்ளியில் நின்றால்? நேருக்கு நேர் பார்க்க முடியுமா?

பார்க்கலாம், ஆனால் ஜோடி ஜோடியாகப் பார்த்தால் சுற்றிச் சுற்றி வருவீர்கள். மேலே உள்ள லீக்கிலேயே பச்சை மஞ்சளுக்கு எதிராக இன்னும் ஒரு கோல் போட்டு 3–2 என்று ஜெயித்திருந்தால் சிவப்பு, நீலம், பச்சை மூன்றுமே ஆறு புள்ளி. சிவப்பு நீலத்தை ஜெயித்தது, நீலம் பச்சையை ஜெயித்தது, பச்சை சிவப்பை ஜெயித்தது. யார் யாருக்கு மேல் என்று எங்கே ஆரம்பித்தாலும் முடியாது.

அதற்குக் குட்டிப் பட்டியல் போட வேண்டும். மஞ்சளோடு ஆடிய ஆட்டங்களை மறந்துவிட்டு, இந்த மூன்று பேருக்குள் நடந்த மூன்று ஆட்டங்களை மட்டும் எடுங்கள். எல்லாருக்கும் மூன்று புள்ளி. கோல் கணக்கில் சிவப்பு 2 அடித்து 3 வாங்கியது, −1. நீலம் 4 அடித்து 3 வாங்கியது, +1. பச்சை 3 அடித்து 3 வாங்கியது, 0. ஆக நீலம், பச்சை, சிவப்பு. மொத்த வித்தியாசத்தை எடுத்தாலும் இங்கே அதே வரிசைதான் வருகிறது (+5, +1, 0), எப்போதும் அப்படி வரும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கடைசி நாளுக்கு முன்னால் “எங்களுக்கு எத்தனை கோல் வேணும் சார்?” என்று கேட்கிறார்கள். எப்படிக் கணக்குப் போடுவது?

முதலில் புள்ளியில் எட்ட முடியுமா என்று பாருங்கள். இரண்டாம் நாள் முடிவில் சிவப்பு 6, நீலம் 3, இன்னும் ஒரே ஆட்டம். நீலம் ஜெயித்தால் 6. சிவப்பு ஒரு டிரா எடுத்தாலே 7, நீலத்தின் கதை முடிந்தது. ஆக நீலம் ஜெயிக்க வேண்டும், சிவப்பும் தோற்க வேண்டும், இரண்டும் நடந்தால்தான் கோல் கணக்குக்கே வருகிறோம்.

அந்த நேரத்தில் சிவப்பின் வித்தியாசம் +2, நீலம் +1. ஒரு கோல் பின்தங்கியிருக்கிறோம், அதனால் குறைந்தது இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். இல்லை! சிவப்பு தோற்க வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டோமே, தோற்றால் அதன் வித்தியாசம் குறைந்தது ஒன்றாவது இறங்கும், +1. நீலம் ஜெயித்தால் குறைந்தது ஒன்றாவது ஏறும், +2. இரண்டு பக்கமும் சேர்ந்து இடைவெளி இரண்டு கோல் நகர்கிறது. அதாவது 1–0 ஜெயித்தாலே நீலத்துக்குப் போதும். பசங்களிடம் இதைச் சொல்லாமல் “நாலு கோல் போடுங்கடா” என்று அனுப்பினால் தேவையில்லாமல் எல்லாரும் முன்னால் ஏறிப் போய் பின்னால் கோல் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

போட்டது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கட்டங்களை மேலிருந்து கீழாகக் கூட்டிப் பாருங்கள். வித்தியாசக் கட்டத்தின் கூட்டுத்தொகை எப்போதும் பூஜ்யம். நம் பட்டியலில் +5, 0, 0, −5. ஒருவர் அடித்த கோல் இன்னொருவர் வாங்கிய கோல், அதனால் அடித்தது மொத்தம் 18, வாங்கியதும் மொத்தம் 18. வெற்றிகளின் மொத்தமும் தோல்விகளின் மொத்தமும் ஒன்றாக இருக்கும், இங்கே ஐந்தும் ஐந்தும். டிரா கட்டத்தின் மொத்தம் இரட்டைப்படையாகத்தான் இருக்கும்.

புள்ளிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. முடிவு வந்த ஆட்டம் மூன்று புள்ளி கொடுக்கிறது, டிரா ஆன ஆட்டம் இரண்டுதான் கொடுக்கிறது. ஆக மொத்தப் புள்ளி என்பது ஆட்டங்களை மூன்றால் பெருக்கி, டிரா ஆன ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவது. ஆறு ஆட்டம் 18, ஒரு டிரா கழித்தால் 17. பட்டியலில் 6, 6, 4, 1, மொத்தம் 17.

ஒத்துவராவிட்டால் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள், தப்பு எங்கே என்று அதுவே சொல்லும். புள்ளி ஒன்று குறைந்தால் டிராவில் ஒருவருக்கு ஒரு புள்ளி போடாமல் விட்டிருப்பீர்கள். மூன்று கூடினால் ஒரு வெற்றியை இரண்டு தடவை ஏற்றியிருப்பீர்கள், மூன்று குறைந்தால் ஒன்றை விட்டிருப்பீர்கள். இரண்டு குறைந்தால் ஜெயித்தவருக்கு மூன்றுக்குப் பதில் ஒன்று போட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாம் கூட்டிப் பார்த்தேன், எல்லாமே ஒத்துப்போகிறது. அப்படியும் தப்பு இருக்க முடியுமா?

இருக்க முடியும், எனக்கே நடந்திருக்கிறது. ஒரு லீக்கில் 2–1 என்ற ஸ்கோரை சீட்டைப் பார்த்து எழுதும்போது அணிகளை மாற்றிப் போட்டுவிட்டேன். ஜெயித்த கிளாஸ் தோற்றது, தோற்ற கிளாஸ் ஜெயித்தது. வித்தியாசம் பூஜ்யம், புள்ளி மொத்தம் சரி, வெற்றியும் தோல்வியும் சமம், எல்லாக் கூட்டலும் அழகாக வந்தது. ஏனென்றால் தப்பை இரண்டு வரியிலும் ஒழுங்காகச் செய்திருக்கிறேன்! எட்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் சார்ட் முன்னால் நின்று “சார், நாங்கதானே ஜெயிச்சோம்” என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

கூட்டல் பிடிப்பது ஒருபக்கத் தப்புகளை மட்டும்தான். திருப்பிப் போட்ட ஸ்கோரைப் பிடிக்க ஒரே வழி, ஆட்டம் முடிந்தவுடன் ரெஃப்ரியின் சீட்டில் இரண்டு கேப்டன்களும் கையெழுத்துப் போடுவதும், சீட்டில் அணிப் பெயரை ஸ்கோருக்குப் பக்கத்திலேயே எழுதுவதும். “2–1” என்று மொட்டையாக எழுதிய சீட்டை வாங்காதீர்கள்.

ஏன் வெற்றிக்கு மூன்று? அப்புறம் கழிப்பதற்குப் பதில் வகுத்தால் என்ன?

முன்பு வெற்றிக்கு இரண்டுதான். அப்போது மூன்று டிரா எடுத்த அணிக்கு மூன்று புள்ளி, ஒன்று ஜெயித்து இரண்டு தோற்ற அணிக்கு இரண்டே புள்ளி, அதனால் பூட்டிக்கொண்டு ஆடுவது லாபம். மூன்று புள்ளியில் இரண்டு பேரும் சமம், ஜெயிக்கப் போவதில் நஷ்டம் குறைகிறது. ஜிம்மி ஹில் வலியுறுத்தி இங்கிலாந்து லீக்கில் இது 1981-ல் வந்தது, உலகக் கோப்பைக்கு 1994-ல்தான் வந்தது.

வகுத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் 1976 வரை அடித்ததை வாங்கியதால் வகுத்து வரும் சராசரிதான் கணக்கு. 1923–24 சீசனில் ஹடர்ஸ்ஃபீல்டும் கார்டிஃபும் 57 புள்ளியில் சமம். ஹடர்ஸ்ஃபீல்டு அடித்தது 60, வாங்கியது 33. கார்டிஃப் 61, 34. கழித்தால் இரண்டுக்கும் +27, அதிகம் அடித்தவர் என்று பார்த்தால் கார்டிஃப் சாம்பியன். வகுத்தால் 1.818-க்கு 1.794, பட்டம் ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போனது. கார்டிஃப் கடைசி ஆட்டத்தில் கிடைத்த ஒரு பெனால்டியையும் கோட்டை விட்டிருந்தது, பாவம்.

பள்ளி லீக்குக்கு வகுத்தல் ஒத்தே வராது. மூன்று ஆட்டத்தில் ஒரு கோல்கூட வாங்காத அணி வந்துவிட்டால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும், அங்கேயே கணக்கு நின்றுவிடும்.

வாக்ஓவர், சேம் சைடு கோல், பெனால்டி ஷூட்அவுட் – இதெல்லாம் எங்கே எழுதுவது?

வராத அணிக்கு எதிராக 3–0 என்று எழுதுவது பரவலான வழக்கம், ஃபிஃபா விதியிலும் அந்த ஸ்கோர்தான். ஆடியது ஒன்று என்று இரண்டு பேருக்கும் ஏற வேண்டும். சேம் சைடு கோல் யாருக்கு லாபமோ அவர்கள் அடித்த கணக்கில். ஷூட்அவுட் கோல் பட்டியலில் எங்குமே வராது, லீக்கில் டிரா என்றால் டிராதான்.

பாதியில் ஒரு அணி விலகிவிட்டால் அதன் எல்லா ஆட்டங்களையும் அடித்துவிட்டு மற்றவர்களின் வரிகளைப் புதிதாகப் போடுவது நல்லது. இல்லாவிட்டால் அவர்களோடு ஏற்கெனவே ஆடி எட்டு கோல் போட்டவருக்கு மட்டும் லாபம்.

ஒரு சின்னப் பசங்க டீமை 9–0 விளாசி அதிலேயே கப் வாங்கிவிடுகிறார்களே?

வித்தியாசத்தின் பலவீனம் இது. சிறுவர் போட்டிகள் சிலவற்றில் ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைக்கிறார்கள். மூன்று என்று வைத்தால் 9–0 ஆனாலும் +3தான், எதிர் அணிக்கும் −3தான். இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் பூஜ்யக் கணக்கு கெட்டுவிடும். நோட்டில் உண்மையான ஸ்கோரையே எழுதுங்கள். நம் லீக்கில் இந்த வரம்பு இருந்திருந்தால் நீலத்தின் 4–0 மூன்றாகக் குறைந்து மொத்தம் +4, முதலிடம் மாறாது. ஆனால் வரம்பு இருந்தால் வித்தியாசம் என்பது அடித்தது கழித்தல் வாங்கியது என்று வராது, தனியாகக் கூட்டி வர வேண்டும்.

புள்ளி, வித்தியாசம், அடித்த கோல், நேருக்கு நேர் எல்லாமே சமம். இப்போது?

1989-ல் ஆர்சனலும் லிவர்பூலும் 76 புள்ளி, +37 வித்தியாசம் என்று இரண்டிலும் சமமாக நின்றார்கள், 73 கோல் அடித்த ஆர்சனலுக்கு 65 அடித்த லிவர்பூலைத் தாண்டி பட்டம் கிடைத்தது. 2018 உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் அதையும் தாண்டிப் போய்விட்டார்கள். புள்ளி 4, கோல் 4–4, தங்களுக்குள் ஆடியதும் 2–2. மஞ்சள் அட்டையை எண்ணினார்கள், ஜப்பானுக்கு நாலு, செனகலுக்கு ஆறு, ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது.

அட்டைக் கணக்குப் பார்க்கப் போகிறோம் என்றால் ரெஃப்ரி சீட்டில் முதல் நாளிலிருந்தே அட்டைக்கு ஒரு இடம் இருக்க வேண்டும், ஞாபகத்தை வைத்து எண்ண முடியாது. அந்த இடம் இல்லையென்றால் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு காசைச் சுண்டுங்கள், அல்லது நேரம் இருந்தால் ஆளுக்கு ஐந்து பெனால்டி. பசங்க எப்போதும் பெனால்டிதான் கேட்பார்கள்.